ரசகுல்லா மெத்தென்று வர: சேனா ஈரம், பிசைதல், பாகு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் வீட்டில் ரசகுல்லா செய்து பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். அளவுகள் எல்லாம் ஒரு லீற்றர் பாலுக்குரியவை. அதில் ஏறக்குறைய 15 உருண்டை வரும். பாலைத் தேசிக்காய்ச் சாறு போன்ற புளி விட்டுத் திரைய வைத்து, நீர் வடித்து எடுக்கும் திரளைத்தான் சேனா என்கிறோம்.

சேனாவும் பனீரும் ஒண்டுதானே? கடையில பனீர் வாங்கி உருட்டினா என்ன?

ஒன்றில்லை. பனீரைப் பாரம் வைத்து அழுத்திக் கட்டியாக்குவார்கள். அதற்குள் நீர் குறைவு, திரள்கள் ஏற்கெனவே இறுகியிருக்கும். அதை எவ்வளவு பிசைந்தாலும் துருவல் துருவலாகவே நிற்கும், பாகில் போட்டால் ஊதாது. சேனாவை அழுத்துவதில்லை, தன் பாரத்தில் வடிந்தது போதும்.

எந்தப் பால் வாங்கணும்? எங்கட பக்கம் எருமைப்பால்தானே நல்லாக் கிடைக்குது?

முதலில் பசும்பாலில் செய்து பழகுங்கள். தடித்த சட்டித் தயிருக்கு எருமைப்பாலைக் கேட்டு வாங்குகிறோமே, அந்தத் தடிப்புத்தான் ரசகுல்லாவுக்கு எதிரி. எருமைப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 7 வீதம்; பசும்பாலில் 4 வீதம் அளவில்தான் இருக்கும். கொழுப்பு மட்டுமல்ல, எருமைப்பாலில் புரதமும் சுண்ணச் சத்தும் கூட. அதனால் திரள் பெரிதாகவும் இறுக்கமாகவும் விழும். எருமைப்பாலைத் தவிர வேறு கிடைக்காதவர்களுக்கு வழி இருக்கிறது. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

பட்டியில் இருந்து நேரே வரும் பாலானால் அன்று கறந்ததாக இருக்க வேண்டும். வெயிலுக்குள் கான்களில் அலைந்து வந்த பால், தேசிக்காய் விடுவதற்கு முன்பே கொதியில் தானாகத் திரைந்துவிடும். அப்படித் தானாகத் திரைந்ததில் உருண்டை பிடிக்க வேண்டாம்.

பெட்டிப் பாலிலயும் பால்மாவிலயும் செய்யலாமா?

குளிர்பெட்டியில் வைத்து விற்கும், சில நாள்களுக்குள் முடிக்க வேண்டிய பால் சரிவரும். வெளியில் மாதக்கணக்கில் வைக்கக்கூடிய பெட்டிப் பால் சரிவராது. அதை மிகக் கூடிய சூட்டில் காய்ச்சியிருப்பதால் திரள் ஒன்றோடொன்று சேராமல் களி போல விழும். துணியில் வடியவும் மாட்டாது. பால்மாவைக் கரைத்தும் திரைய வைக்கலாம். ஆனால் சேனா மணல்மணலாக வரும். பாயசத்துக்கோ பர்பிக்கோ அதை எடுக்கலாம், ரசகுல்லாவுக்கு வேண்டாம்.

தேசிக்காய் எவ்வளவு விடணும்? பால் கொதிக்கக்குள்ளயே விடலாமா?

இரண்டு மேசைக்கரண்டிச் சாறு, அதோடு அதே அளவு தண்ணீர். நம் ஊர்ச் சின்னத் தேசிக்காய் இரண்டு மூன்று பிழிய வேண்டியிருக்கும். வினாகிரி என்றால் மூன்று மேசைக்கரண்டி, அதையும் தண்ணீர் கலந்தே விடுங்கள். மணத்தைப் பிறகு கழுவிப் போக்கலாம்.

கொதியில் விடக் கூடாது. பால் ஒருமுறை பொங்கியதும் அடுப்பை நிறுத்தி, ஏதனத்தை இறக்கி, ஆடை படியாமல் இடைக்கிடை கிண்டியபடி ஆறேழு நிமிடம் விடுங்கள். 80 பாகை அளவுக்கு இறங்க வேண்டும். துள்ளும் கொதியில் புளி பட்டால் திரள் சட்டென்று சுருங்கி ரப்பர்த் துண்டாகும். மிகவும் ஆறவிட்டால் எதிர்மாறு: திரள் குழைந்து, நீரைப் பிடித்துக்கொண்டு வடியாது.

புளியை ஒரு கரண்டி விடுங்கள், இரண்டு சுற்று மெல்லக் கிண்டுங்கள், பாருங்கள், பிறகு அடுத்த கரண்டி. பால்நீர் வெண்மை போய் இளம் பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்த அந்த நேரமே நிறுத்துங்கள், சாறு மிச்சமிருந்தாலும் விட வேண்டாம். உடனே ஒரு பெரிய கப் குளிர்ந்த தண்ணீரை மேலே ஊற்றுங்கள். சுடுநீருக்குள் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் திரள் வெந்துகொண்டே இருக்கும்.

புளிச்ச தயிர் விட்டுத் திரைய வைக்கலாமா? வீட்டில எப்பவும் தயிர் இருக்கு.

திரையும், ஆனால் நிறையத் தேவைப்படும். எருமைத் தயிர் என்றால் அதன் கொழுப்பும் சேனாவுக்குள் போய்ச் சேரும். அதைவிட நல்ல வழி, முதல்நாள் செய்த பால்நீரை மூடி வெளியிலேயே வைத்து அடுத்த நாள் எடுப்பது. நம் வெக்கைக்கு ஓர் இரவில் நன்றாகப் புளித்துவிடும். வங்காளத்து இனிப்புக் கடைகளில் பழைய பால்நீரில்தான் திரைய வைப்பார்கள். புளிப்பு மென்மையானது என்பதால் திரளும் மென்மையாக விழும். அளவு கூடுதலாகத் தேவைப்படும், ஒரு கப் வரை போகலாம். அதைச் சூடாக்கிவிட்டுச் சேருங்கள், இல்லாவிட்டால் பாலின் சூடு இறங்கிவிடும்.

சேனாவைக் கழுவணுமா? எவ்வளவு நேரம் கட்டித் தொங்கவிடணும்?

கழுவ வேண்டும். பழைய வேட்டித்துணியில் வடித்து, துணியோடு சேர்த்து இரண்டு தரம் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். புளிப்பும் போகும், சூடும் இறங்கும். கடற்கரைப் பக்கக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் குடிக்கிற தண்ணீரையே எடுங்கள்.

நேரத்தைக் கேட்டால் அரை மணி தொடக்கம் முக்கால் மணி என்று எல்லாரும் சொல்வார்கள். அதை நம்பித்தான் பலருக்குப் பிழைக்கிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் யன்னலோரம் தொங்கவிட்ட சேனா இருபது நிமிடத்தில் வெளிப்புறம் காய்ந்துவிடும். மாரியில் ஒரு மணித்தியாலமானாலும் சொட்டிக்கொண்டிருக்கும். மணிக்கூட்டைப் பார்க்காமல் நிறுத்துப் பாருங்கள்.

கணக்கு இதுதான். நல்ல பசும்பால் ஒரு லீற்றரில், புரதமும் கொழுப்புமாக ஏறக்குறைய 75 கிராம் திண்மம் சேனாவுக்குள் வரும். மிச்சம் நீர். சேனா 180 கிராம் நிறுத்தால் அதில் 105 கிராம் நீர், அதாவது 58 வீதம். நமக்கு வேண்டிய ஈரம் அதுதான். அரை மணி தொங்கவிட்டு எடுத்தபோது 220 கிராம் காட்டுகிறது என்று வையுங்கள். நீர் 145 கிராம், 66 வீதம். அந்தச் சேனா உருட்டும்போது கையில் பிசுபிசுக்கும், பாகில் பிளந்துவிடும். மீண்டும் கட்டித் தொங்கவிட்டு, பத்து நிமிடத்துக்கொருமுறை நிறுத்து, 180க்கு வந்ததும் எடுங்கள். 150 கிராமுக்கு இறங்கிவிட்டால் ஈரம் 50 வீதம்தான். அது இறுகிய உருண்டையாகும். 170க்கும் 190க்கும் இடையில் எங்கே நின்றாலும் பயமில்லை. தண்ணீர் கலந்த பாலானால் திண்மம் குறையும், அப்போது நிறையும் குறைவாகத்தான் வர வேண்டும். அதற்கு அடுத்த கேள்வியில் உள்ள கைப்பதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

வீட்டில தராசு இல்ல. கையால எப்படி அறியிற?

ஒரு சிறு உருண்டை அளவு எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கால் நீர் வந்தால் இன்னும் தொங்க வேண்டும். நீர் வராமல் உள்ளங்கை மட்டும் நனைந்தது போல மினுங்கினால் பதம். கை உலர்ந்தே இருந்து, சேனா பொடிப்பொடியாக உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. மூட்டையின் நடுவிலிருந்து எடுத்துப் பாருங்கள். ஓரம் எப்போதும் முந்திக் காய்ந்திருக்கும்.

கூடக் காஞ்சு போச்சு. தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சா சரிவருமா?

கொஞ்சம் காய்ந்ததென்றால் சரிவரும். பால்நீரை ஒவ்வொரு தேக்கரண்டியாகத் தெளித்து, பத்து நிமிடம் ஈரத்துணியால் மூடி வைத்துவிட்டுப் பிசையுங்கள். தெளித்தவுடன் பிசைந்தால் நீர் மேலோடு வழுக்கிக்கொண்டு போகும், உள்ளே இறங்காது. ஆனால் கூடிய சூட்டிலோ கூடிய புளியிலோ இறுகிப்போன சேனாவை நீர் திருத்தாது. அதைச் சீனியும் ஏலக்காயும் போட்டுக் கிளறி சந்தேஷ் ஆக்கிவிடுங்கள், நட்டமில்லை.

எவ்வளவு நேரம் பிசையணும்? சிலர் எண்ணெய் வரும்வரைக்கும் பிசை எண்டு சொல்றாங்க.

எண்ணெய் வரத் தொடங்கும்வரை. வந்த பிறகும் அல்ல. வித்தியாசம் ஒரு நிமிடம்தான், ஆனால் அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

சேனாவைப் பலகையிலோ அகன்ற தட்டிலோ வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னே தள்ளித் தேயுங்கள். தேய்த்ததை வழித்துச் சேர்த்து மீண்டும் தள்ளுங்கள். விரலால் பிசைவது போதாது, கட்டிகள் தப்பிவிடும். முதல் இரண்டு மூன்று நிமிடம் ரவை போலத் தட்டுப்படும். ஐந்தாவது நிமிடமளவில் துருவல் மறைந்து பசையாகும். எட்டு நிமிடமளவில் தட்டில் ஒட்டாமல் தானாகத் திரண்டு வரும், கையில் மெல்லிய மினுக்கம் தெரியும். அங்கே நிறுத்துங்கள்.

பிசைவதால் தனித்தனித் திரள்கள் ஒட்டி ஒரே வலையாகின்றன. கொழுப்பு அந்த வலைக்குள் சீராகப் பரவுகிறது. அதற்கு மேலும் தேய்த்தால் கை சூட்டில் கொழுப்பு உருகி வெளியே வந்து திரள்களைச் சுற்றிப் பூசிக்கொள்ளும். பிறகு ஒன்றோடொன்று ஒட்டாது. தட்டில் எண்ணெய்த் தடம் பட்டால் நிறுத்தி, கால் மணி குளிர்பெட்டியில் வைத்து, பிசையாமல் சேர்த்து மட்டும் உருட்டுங்கள். வெக்கை கூடிய நாளில் குளிர்ந்த தண்ணீரில் கை நனைத்துத் துடைத்துவிட்டுப் பிசைவது நல்லது.

உருண்டை ஒவ்வொன்றும் 12 கிராம், பெரிய நெல்லிக்காயை விடச் சின்னதாகத்தான் இருக்கும். வெந்ததும் அளவில் இரட்டிக்கும். முதலில் இறுக்கி உருட்டி, கடைசிச் சுற்றைக் கை தொட்டும் தொடாமலும் உருட்டினால் மேற்பரப்பு வழவழப்பாகும். மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலும் மீண்டும் உருட்டுங்கள், பாகில் வெடிப்பது அந்த இடத்தில்தான்.

கோதுமை மா, ரவை, சோளமா ஏதும் சேர்க்கணுமா?

ஈரம் சரியென்றால் ஒன்றும் தேவையில்லை. பழகும்வரைக்கும் ஒரு தேக்கரண்டி மாவோ ரவையோ சேர்த்தால் உடைவது குறையும். ஒடிசாவில் ரவை சேர்த்தே செய்வார்கள், அது வேறு பதம். ஆனால் ஈரமான சேனாவை மா போட்டு இறுக்குவது ஏமாற்று வேலை: மா நீரை இழுத்துக்கொள்ளும், உருண்டை கொழுக்கட்டை மாதிரிக் கனக்கும். பேக்கிங் பவுடர் வேண்டவே வேண்டாம்; உள்ளே பெரிய பொந்து விழும்.

பாகு எந்தப் பதத்தில இருக்கணும்? ஒரு கம்பிப் பதமா?

கம்பிப் பதமே வரக் கூடாது. 300 கிராம் சீனிக்கு 1.2 லீற்றர் தண்ணீர். விரலில் தொட்டால் லேசாகத்தான் ஒட்டும். பாகு தடித்தால் உருண்டைக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும், உருண்டை ஊதுவதற்குப் பதில் சுருங்கும். இனிப்புக் காணாது என்றால் வெந்த பிறகு கூட்டலாம்: அரை மணி கழித்து, சமஅளவு சீனியும் தண்ணீரும் கரைத்த வெதுவெதுப்பான பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

வெள்ளைச் சீனியே எடுங்கள், சிவப்புச் சீனியில் நிறம் ஏறிவிடும். அழுக்கு மிதந்தால் ஒரு கரண்டி பால் விட்டு, திரண்டு வருவதை அள்ளி வீசுங்கள். ஏதனம் அகலமாக இருக்கட்டும். உருண்டைகளைப் போட்டதும் பாதி இடம் வெறுமையாகத் தெரிய வேண்டும்.

மெல்லிய நெருப்பில வேகவைக்கணும் எண்டு ஒருத்தர், படபடவெண்டு கொதிக்கணும் எண்டு இன்னொருத்தர். எது சரி?

இரண்டும் பாதி சரி. போடும்போது பாகு நன்றாகக் கொதிக்க வேண்டும். உருண்டைக்குள் இருக்கும் நீர் ஆவியாகி வலையைத் தள்ளுவதால்தான் அது ஊதுகிறது. பாகு சும்மா சுட்டுக்கொண்டிருந்தால் ஆவி வராது, உருண்டை அப்படியே இறுகிவிடும். அதனால் ஒவ்வொன்றாகப் போட்டு, மூடி, முதல் ஐந்து நிமிடம் நெருப்பைக் கூட்டியே வையுங்கள். நுரை எழுந்து உருண்டைகளை மூடியிருக்க வேண்டும்.

பிறகு நடுத்தர நெருப்பு. நுரை அடங்கவும் கூடாது, உருண்டைகள் ஒன்றோடொன்று மோதிப் புரளவும் கூடாது. மெல்ல என்பது இந்த இடத்துக்குத்தான். கரண்டி போட்டுக் கிண்டாதீர்கள். பிரட்ட வேண்டுமென்றால் ஏதனத்தைப் பிடித்து லேசாகச் சுழற்றுங்கள். நான்கைந்து நிமிடத்துக்கொருமுறை கால் கப் கொதிநீரை ஓரத்தால் விடுங்கள், பாகு தடிக்காது. பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி நின்று உருண்டை அமுங்கும். மொத்தம் 15 நிமிடம் போதும். ஒன்றை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் அடியில் போய் நிற்க வேண்டும், விரலால் அமுக்கினால் நிமிர வேண்டும்.

அடுப்பில நல்லா ஊதி வந்திச்சு. இறக்கினதும் சப்பையாப் போச்சு. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்று. வேகவில்லை: வலை இறுகி நிற்குமுன் எடுத்துவிட்டீர்கள். அல்லது சட்டென்று குளிர்ந்தது: உள்ளே இருந்த ஆவி ஒடுங்க, அந்த இடத்துக்குப் பாகு நுழைய நேரமில்லை. அல்லது சேனா ஈரம் கூட, சுவர் மெலிந்து தாங்கவில்லை. நெருப்பை நிறுத்தியதும் மூடி திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு அந்தப் பாகிலேயே நான்கைந்து மணித்தியாலம் ஊறட்டும். லேசாகச் சுருங்குவது இயல்பு, ஊறும்போது அதில் ஒரு பங்கு திரும்பி வரும்.

பிழைச்சது பாலிலயா, பிசைஞ்சதிலயா, பாகிலயா எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிற?

ஒன்றைக் கூரிய கத்தியால் இரண்டாக வெட்டிப் பாருங்கள். முகம் முழுக்க ஒரே அளவு நுண்துளை என்றால் எல்லாம் சரி. நடுவில் மஞ்சள் சாயலாக இறுகிய கொட்டை தெரிந்தால் வேக்காடு போதவில்லை, அல்லது பாகு தடித்து உள்ளே போகவில்லை. பெரிய பொந்து இருந்தால் ஈரம் கூட. துருவல் கோடுகள், உதிர்வு என்றால் பிசைந்தது காணாது. துளையே இல்லாமல் கடிக்கும்போது இழுபட்டு, பல்லில் கிறீச்சிட்டால் பிழை திரைய வைத்த நேரத்தில் நடந்தது: சூடு கூட, புளி கூட, அல்லது கொழுப்பு நீக்கிய பால். பாகுக்குள்ளேயே பிரிந்து கரைந்து, மேலே நெய்ப்படலம் மிதந்தால், கூடப் பிசைந்துவிட்டீர்கள், இல்லாவிட்டால் பாலில் கொழுப்பு மிகுதி.

எருமைப்பாலைத் தவிர வேற கிடைக்காது. அதில ஒருக்காலும் சரிவராதா?

பசும்பாலின் மென்மை முழுதாக வராது, ஆனால் நல்லதாகவே வரும். முதல்நாள் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, இரவு குளிர்பெட்டியில் விட்டு, காலையில் மேலே கட்டியாக நிற்கும் ஆடையை முழுக்க எடுத்துவிடுங்கள். ஒரு லீற்றருக்குக் கால் லீற்றர் தண்ணீர் சேர்த்துச் சூடாக்கி, 70 பாகைக்கு இறங்கும்வரை ஆறவிடுங்கள். பசும்பாலுக்குச் சொன்னதைவிட நான்கைந்து நிமிடம் கூட எடுக்கும். தேசிக்காய்ச் சாற்றுக்கு இரண்டு மடங்கு தண்ணீர் கலந்து, இன்னும் மெதுவாக விடுங்கள். இப்படிச் சூட்டையும் செறிவையும் குறைத்தால் திரள் சின்னதாக, நீரைப் பிடித்துக்கொண்டு விழும். நிறைக் கணக்கு இதற்குப் பொருந்தாது. கைப்பதத்தையே பாருங்கள், பசும்பால் சேனாவைவிடச் சற்று ஈரமாகவே எடுங்கள். பாதிக்குப் பாதி பசும்பால் கலக்க முடிந்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீரும்.

கலியாண வீட்டுக்கு 10 லீற்றர் பாலில செய்யப் போறம். எல்லாத்தையும் பத்தால பெருக்கினாச் சரியா?

பாலையும் புளியையும் பெருக்கலாம். ஆறவிடும் நேரத்தைப் பெருக்கக் கூடாது, குறித்த நேரத்தையும் நம்பக் கூடாது: பெரிய அண்டாவில் சூடு இலேசில் இறங்காது, வெப்பமானி ஒன்று வாங்குவது இங்கே பிரயோசனப்படும். சேனாவை ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். வெளிப்பக்கம் காய்ந்து நடு ஈரமாக நிற்கும். நாலைந்து சின்ன மூட்டையாகக் கட்டித் தொங்கவிடுங்கள். பிசைவதும் அரைக் கிலோ அரைக் கிலோவாக. உருட்டிய உருண்டைகளை ஈரத்துணியால் மூடாவிட்டால் காத்திருக்கும் நேரத்தில் வெடிப்பு விழும்.

பாகை ஒவ்வொரு சுற்றுக்கும் மாற்றத் தேவையில்லை. ஆனால் முதற்சுற்று முடிந்ததும் அளவு எவ்வளவு குறைந்ததென்று பார்த்து, அதே அளவு தண்ணீரை ஊற்றி மீண்டும் கொதி வந்த பிறகே அடுத்ததைப் போடுங்கள். இரண்டாம் மூன்றாம் சுற்று இறுகி வருகிறது என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் நடந்தது, தடித்த பாகில் போட்டதுதான். முதல்நாளே செய்து வைப்பதானால் பாகோடு குளிர்பெட்டியில் வையுங்கள், நான்கு நாள் தாங்கும். வெளியில் நம் வெக்கைக்கு ஒரு நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். இந்த மெல்லிய பாகு புளித்துவிடும்.